காசியம்மாள் பூட்டி வைத்த சொல்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சமுதாய வானொலி. அதில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு வானிலை வாசிப்பவர் காசியம்மாள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வெயிலைச் சொல்லும் விஷயத்தில் தங்கத்தை நிறுக்கும் ஆள் மாதிரி.

ஒரு பழைய டைரியில் அவர் கணக்கு இருந்தது. முதல் மூன்று வருஷம் நேயர்களுக்குப் போன் போட்டு, "நேத்து முப்பத்தாறு டிகிரி. உங்கூர்ல அதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதியது. விடியற்காலையில் பதினைந்துக்குக் கீழே போனால் நடுக்கும் குளிர். பதினெட்டு வரை குளிர். இருபது வரை சில்லிப்பு. விடியும்போதே இருபத்தாறைத் தாண்டியிருந்தால் வெதுவெதுப்பு. முந்தின ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள் என்று அர்த்தம். பகலில் முப்பத்துநாலு வெறும் வெயில், முப்பத்தாறு வெக்கை, முப்பத்தெட்டு கடும் வெயில், நாற்பது அனல். நாற்பத்தொன்றுக்கு மட்டும் 'சுட்டெரிக்கும்'. அந்தச் சொல்லை ஐந்து வருஷத்தில் இரண்டே முறைதான் வெளியே எடுத்திருக்கிறார்.

அவர் சொல்லைக் கேட்டு வேலை செய்பவர்கள் இருந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டித் திருமால் பட்டுப்புழு வளர்ப்பவர். 'வெக்கை' என்றால் கொட்டகை ஜன்னலில் ஒரு வரிசை ஈரச்சாக்கு. 'அனல்' என்றால் இரண்டு வரிசை. 'சுட்டெரிக்கும்' என்றால் கூரைமேலும் தண்ணீர் தெளித்து, புழுவுக்குப் பகலில் போடும் இலையைக் குறைப்பார்.

மார்ச் மாதம் ஏர்கூலர் கடை பூவரசன் விளம்பரதாரராக வந்து சேர்ந்தார். நிலைய மேலாளர் ஆரோக்கியராஜுக்கு அவர் தெய்வம்.

"காசிம்மா, 'வெயில்'னு சொன்னா எவன் கூலர் வாங்குவான்? தினமும் 'சுட்டெரிக்கும்'னு போட்ருங்க" என்றார் மேலாளர்.

"இன்னைக்கு முப்பத்துநாலுதாங்க சார்."

"முப்பத்துநாலு சுடாதா?"

"டீ கூடத்தான் சுடும். அதுக்காக டீயை உலைன்னு சொல்வீங்களா?"

மேலாளர் சிரித்தார். மறுநாளிலிருந்து எழுதிய தாளை அவரே கொடுத்தார். அதில் தினமும் சுட்டெரித்தது. மழை தூறிய வெள்ளிக்கிழமைகூடச் சுட்டெரித்தது.

ஒரே வாரத்தில் திருமால் போன் செய்தார். "அக்கா, நீங்க சொன்னீங்கன்னு அத்தனை சாக்கும் நனைச்சேன். கொட்டகையெல்லாம் ஈரம் தங்கி ரெண்டு தட்டுப் புழு நோவு வந்து செத்துப் போச்சு. வெளிய பாத்தா வெயிலே இல்ல. இனிமே ரேடியோவ பாட்டுக் கேக்கத்தான் வெப்பேன்."

"தாளைப் படிச்சேன் திருமாலு. தப்பு என்னுதுதான்" என்றார் காசியம்மாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, முன்னறிவிப்பில் நாற்பத்தொன்று என்று வந்தது. திருமாலின் புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. மூன்று நாளில் கூடு கட்ட வேண்டும். அன்றைய சூட்டில் சும்மா விட்டால் மொத்தமும் போகும். காசியம்மாள் மூன்று தடவை அழைத்தார். திருமால் எடுக்கவில்லை. இலை வெட்டப் போயிருப்பார். ரேடியோ மட்டும் பாட்டுக்காகக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறே முக்கால். கையில் மேலாளரின் தாள். அதில் வழக்கம்போல 'சுட்டெரிக்கும் வெயில்'. ஐந்து வருஷம் பூட்டி வைத்த சொல் சந்தை வெண்டைக்காய் மாதிரி வதங்கிக் கிடந்தது. காசியம்மாள் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"வணக்கம். போன ஒன்றரை மாதமாகச் சுட்டெரிக்கும் என்று நாங்கள் சொன்னது உண்மை இல்லை. அது கூலர் விற்பதற்காகச் சொன்னது. இன்று நாற்பத்தொரு டிகிரி. இது உண்மை. புழுக் கொட்டகை வைத்திருப்பவர்கள் பத்து மணிக்குள் கூரையை நனைத்துவிடுங்கள். பகல் இலையைக் குறையுங்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியராஜ் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார். காசியம்மாள் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"வூட்டுக்குப் போயிருங்க. பூவரசன் விளம்பரத்தைப் பிடுங்கிடுவாரு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மேலாளர்.

காசியம்மாள் பையை எடுப்பதற்குள் திருமாலின் போன். "எம் பொண்டாட்டி கேட்டுட்டு ஓடியாந்தா அக்கா. கூரைல ஏறிட்டேன். நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டதாலதான் நம்பினா."

மதியம் பூவரசனே நேரில் வந்தார். மேலாளர் மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றார்.

"அட, என்னங்க நீங்க! பன்னெண்டு மணிக்குள்ள இருபத்துமூணு கூலர் போச்சுங்க. அந்தம்மா எங்க? தினமும் இதே மாதிரி, 'நேத்து சொன்னது பொய், இன்னைக்குத்தான் நெசம்'னு படிக்கச் சொல்லுங்க!"

மறுநாள் காலை காசியம்மாளை ஆட்டோ அனுப்பி அழைத்து வந்தார்கள். மேசையில் புதுத் தாள் இருந்தது: 'நேற்றுச் சொன்னது பொய். இன்றுதான் நிஜமான அனல்.'

அன்றைய முன்னறிவிப்பு முப்பத்தெட்டு. காசியம்மாள் பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார். பிறகு 'இன்றுதான்' என்பதில் 'தான்', அடுத்து 'நிஜமான' இரண்டையும் அடித்தார். 'அனல்' மேல் இரண்டு கோடு போட்டார். பக்கத்தில் 'கடும் வெயில்' என்று எழுதி, மைக்கை இழுத்துக்கொண்டார்.