பதினாறா, பதினேழா

நாட்குறிப்பில் அந்த வியாழக்கிழமைக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வழக்கமாக நான் நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, மழை உண்டா, என்ன படித்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு எழுதியதில் பாதி அடித்து அடித்து எழுதப்பட்டிருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கீழ்த்தளத்தில் தகடு அடிக்கும் பட்டறை. அதன் பிரஸ் இறங்கும்போதெல்லாம் என் மேஜைமேல் தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை ஓடும். பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தெரியாத கணக்கைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். விடையும் வழிமுறையும் எழுதி நாங்கள் திருப்பி அனுப்புவோம். எழுதுபவர்கள் பலர். எழுதியதைச் சரிபார்ப்பவர்களில் நான் ஒருவன். வேதியியல் என் பங்கு.

வருகிற படங்களில் இரண்டு சாதி உண்டு. கீழே நான்கு விடைகள் கொடுத்திருப்பதை ‘நாலு கால்’ என்போம். விடைகளே இல்லாமல், ஒரு கோடிட்ட இடமும் ‘அருகிலுள்ள முழு எண்’ என்ற குறிப்பும் மட்டும் இருப்பது ‘மொட்டை’. நாலு காலில் நம் கணக்கு கொஞ்சம் சறுக்கினாலும் பக்கத்தில் இருக்கும் விடை தாங்கிக்கொள்ளும். நமக்கு 16.6 வந்து, படத்தில் 12, 16, 20, 24 என்று இருந்தால் 16-ஐத் தொட்டுவிட்டுப் போய்விடலாம். மொட்டையில் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. பெட்டியில் ஒரே எண். அது சரி, அல்லது தப்பு.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மொட்டைகளை மட்டும் எழுதினார். முப்பத்தைந்து வயதிருக்கும். வேதியியலில் முதுகலை. கல்யாணத்துக்குப் பிறகு பத்து வருடம் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பருத்திப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி வந்து, அங்கிருந்து ரயிலில் அம்பத்தூர். மூன்று மாத சோதனைக் காலம். அதற்குள் மொட்டையில் மூன்று தப்பு பதிவானால் வேலை இல்லை. நான் சொல்கிற வியாழனுக்கு மறுநாளோடு அவருடைய மூன்று மாதம் முடிகிறது. கணக்கில் ஏற்கெனவே இரண்டு தப்பு.

அந்த இரண்டையும் பதிந்தவன் நான்தான். முதலாவதில் கோடிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ‘× 10⁻²’ என்று அச்சடித்திருந்தது. பெட்டியில் 25 போட வேண்டும், அவர் 0.25 போட்டுவிட்டார். இரண்டாவதில் வேகம் 20√x என்றால் x எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். இயற்பியல் ஆள் லீவில் இருந்ததால் இவருக்கு வந்தது. 28.28 என்று வேகத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, 28 என்று எழுதி அனுப்பினார். கேட்டது 2. இரண்டிலும் கணக்கு தப்பில்லை, கேட்டதைக் கொடுக்கவில்லை. அதையே அவரிடமும் சொன்னேன். “புரியுது சார்” என்று மட்டும் சொன்னார்.

வியாழன் காலை பத்தேகாலுக்கு ஒரு மறுப்பு வந்தது. மாணவர் யாராவது விடையை ஏற்காவிட்டால் சிவப்பு எழுத்தில் அது என் திரைக்கு வரும். பத்து கிராம் புரோப்பேன் முழுமையாக எரிந்தால் எத்தனை கிராம் நீர் உண்டாகும், அருகிலுள்ள முழு எண்ணில். அந்தப் பெண் எழுதிய விடை 17. மாணவர் கேட்டிருந்தார்: “சார் புக்ல 16னு போட்ருக்கு, எப்டி?”

புத்தகங்களில் அச்சுப்பிழை சகஜம். நானே போட்டுப் பார்த்தேன். புரோப்பேனின் மூலக்கூறு எடை 44. பத்தை 44-ஆல் வகுத்தால் 0.23 மோல். ஒரு மோல் எரிந்தால் நான்கு மோல் நீர், ஆக 0.92. பதினெட்டால் பெருக்கினால் 16.56. பதினேழு. ‘விடை சரி’ என்று அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மாணவரிடமிருந்து அதே கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை தன் நோட்டில் போட்ட கணக்கையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பென்சில் கோடுகள் மங்கலாக இருந்தன. என் பக்கத்து நாற்காலிக்காரர் இயற்பியல் பார்ப்பவர். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நான்கைந்து வயது சிறியவர். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஒரு கேஸ் கணக்கை காலைலேர்ந்து மொறைச்சிகினு கீறே?”

“பதினேழுதானேப்பா வருது?”

“எங்க வருது? எழுநூத்தி இருபது பை நாப்பத்தி நாலு. பதினாறே சில்ற.”

“அது எப்படி?”

“பத்து பை நாப்பத்தி நாலை நடுவுல உடைக்காதே. அப்டியே வெச்சிகினு கடைசில வகு. நீதான் நடுவுலயே ரவுண்டு போட்டு உட்டுட்டே. ஊட்ல சமையல்ல இப்டி உப்பு போட்டா அண்ணி உன்னைய உடுமா?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வகுத்துப் பார்த்தேன். 16.36. பத்தை 44-ஆல் வகுத்தால் 0.2272 என்று போகிறது. அதை 0.23 என்று நிறுத்தியபோது கூடிய துளி, நான்காலும் பதினெட்டாலும் பெருகி, பதினாறரையைத் தாண்டிவிட்டது.

‘விடை தவறு’ என்று மாற்றி அழுத்த வேண்டியதுதான். அழுத்தினேன். அழுத்திய நொடியில் அந்தப் பெண்ணின் கணக்கில் மூன்று என்று மாறியது. அவருடைய திரையிலும் அது தெரியும். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உட்கார விடவில்லை.

அந்தக் கேள்வியின் வரலாற்றைத் திறந்தேன். யார் என்ன தட்டினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். முதலில் 16 என்று தட்டியிருந்தார். மூன்று நிமிடம் கழித்து அதை அழித்து 17 ஆக்கியிருந்தார்.

எழுந்து அவர் மேஜைக்குப் போனேன்.

“ஏம்மா மாத்தினீங்க?”

“முதல்ல பின்னமாத்தான் சார் போட்டேன். பதினாறு வந்துச்சு. அப்புறம் உங்க தாள் ஞாபகம் வந்து மறுபடியும் போட்டேன்.”

“எந்தத் தாள்?”

அவர் தடுப்புப் பலகையைக் காட்டினார். ‘ஒவ்வொரு படியிலும் இரண்டு தசம இடங்கள் மட்டும்.’ என் கையெழுத்து. எல்லோர் மேஜையிலும் ஒட்டியிருந்தது. ஒருவர் மூன்று இலக்கம், இன்னொருவர் ஐந்து இலக்கம் என்று எழுதுவதால் வழிமுறைகள் பார்க்கச் சீராக இல்லை என்று நான் ஒட்டியது. நாலு கால் கேள்விகளில் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. மொட்டைக்கும் அதே தாள் போதுமா என்று நான் யோசிக்கவே இல்லை.

“பதினாறுன்னே விட்டிருக்கலாமே” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது.

“விட்டிருந்தா தாளைப் பாக்கலையான்னு நீங்கதானே சார் கேப்பீங்க. ஏற்கெனவே கேட்டதைக் குடுக்கலன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க.”

என் மேஜைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் பூந்தமல்லி பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி மறித்திருந்தார்கள், வண்டி ஊர்ந்தது. மனதுக்குள் கணக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. பியூட்டேன் பத்து கிராம் என்றால்? அது 15.52, என் தாளின்படி 15.30. ஒன்று 16, ஒன்று 15. அதுவும் தப்பு. எத்தேன்? 18, அதில் ஒன்றும் ஆகாது. எது தப்பாகும், எது ஆகாது என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். ‘தசமத் தாள் ஒட்டினேன். இனிக் குழப்பம் இராது’ என்று ஒரு திங்கட்கிழமையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம்.

வெள்ளி காலை ஒன்பதுக்கே எங்கள் தலைவரிடம் போனேன். எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்பவர், சின்ன வயது, பொறுமையானவர். நாட்குறிப்பையும் கேள்வியின் வரலாற்றையும் காட்டினேன்.

“புரியுது சார். ஆனா ரிவியூவர் தப்புன்னு போட சிஸ்டத்துல இடமே இல்லையே. எழுதினவங்க பேருலதான் போகும்.”

“அப்ப எழுதினவன் நான்னு போடுங்க.”

“நீங்களா எழுதினீங்க?”

“பதினாறை அழிச்சது யாரு? அவங்க கை. சொன்னது நான்.”

அவர் திரையில் என் கணக்கைத் திறந்தார். “உங்க ஐடிக்கு மாத்தலாம். உங்க பேர்ல ஒரு தப்பு நிக்கும். சீனியர் போஸ்டுக்கு உங்க பேரை அனுப்பியிருக்கேன், அங்க கேப்பாங்க. அது மட்டுமில்ல, அந்தத் தாள் ஒட்டினதுக்கப்புறம் போன மொட்டை எல்லாத்தையும் நீங்களே மறுபடி பாக்கணும்.”

“பாக்கறேன்.”

“காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவங்களும் கையெழுத்துப் போடணும். மேல கேட்டா காட்டணும்ல.”

என் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். தேதியும் நேரமும் போட்டேன். ‘மேற்படி விடை தவறானதற்குப் பெரும்பாலும் நான் வெளியிட்ட விதித்தாளே காரணம்.’ அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன்.

அவர் ஒரு கேள்விப் படத்தைப் படிப்பதுபோல, கடைசிச் சொல் வரைக்கும் படித்தார். பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போடவில்லை.

“சார், இதுல ‘பெரும்பாலும்’னு எதுக்கு?”

“சும்மா, வழக்கமா எழுதறதுதான்.”

“பெரும்பாலும்னா மீதி கொஞ்சம் என்னுதுன்னு ஆகும். என்னுது எவ்வளவு சார்?”

பட்டறையில் பிரஸ் இறங்கியது. மேஜை நடுங்கி நின்றது.

“முதல்ல நான் போட்டது பதினாறு. அது வரலாத்துலயே இருக்கு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “முன்னாடி ரெண்டு என்னுது. நான் ஒண்ணும் சொல்லலையே. இது என்னுது இல்ல.”

தாளை வாங்கி, அந்த ஒரு சொல்லைக் கோடு கிழித்து அடித்து, பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டேன். மறுபடி படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தடுப்புப் பலகையில் ஒட்டியிருந்த என் தாளை நகத்தால் மெல்லப் பிரித்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதையும் வெச்சுக்குங்க சார்.”

மாலை ஐந்து மணிக்குள் அவருக்கு வேலை உறுதியான மின்னஞ்சல் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் இனிப்பு எங்கே என்று கேட்டுக் கேட்டு அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் மொட்டைகளின் பட்டியலைத் திறந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.