எங்க ஊட்ல

எங்கள் பேராசிரியரின் ஆய்வுக்காகப் பொன்னேரிக்குப் பக்கத்துக் குப்பத்தில் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, மனநோய் எதனால் வருகிறது என்று பேசவிட்டேன். நடத்துகிறவள் திருத்தக் கூடாது, பேசாதவளுக்காகப் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருந்தேன். கடைசியில் மூலையில் இருந்தவள் வாய் திறந்தாள்.

"எங்க ஊட்ல சரியில்லமா. தூங்காம தானா பேசிக்கினு கீது."

திரும்பும்போது பஸ்ஸில், குறிப்பெடுத்த என் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி, அவ புருஷனுக்கு இப்படி ஆயிடுச்சே."

டேப்பில் பதிந்ததை எழுதியெடுத்து, ஒவ்வொரு பேச்சும் எந்த வகை என்று இருவரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட வேண்டும். நான் 'கணவனின் நோய்' என்று குறித்திருந்தேன். அவள் குறித்திருந்தது 'பேய் குடியிருக்கும் வீடு'.

"ஊட்லன்னா புருஷன்னு உனக்குத் தெரியாதா? பஸ்ல அழுதியே!"

"சாருக்கு மூடநம்பிக்கைதான் வேணுமாம். அவர்கிட்ட காட்டி ஒத்துக்கவும் வச்சுட்டேன். விடு."

அந்தப் பெண் எங்களை நம்பி அல்லவா வாய் திறந்தாள்!

சாயங்காலம் தோழி கைப்பையை மாட்டிக்கொண்டாள். "நான் கிளம்பறேன். எங்க வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்க."

"யாரு, பேயா?" என்றேன்.