கழற்றிய நாலு கிராம்

எட்டாவது வரை படித்தவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும்.

துபாய்க்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், மகளுக்குச் சொல்லியிருந்த வெள்ளிக் கொலுசு வாங்க அவளுடன் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன். ஜோடி எண்பது கிராம், கிராம் ஐம்பது ரூபாய். நாலாயிரம்தானே என்று நினைத்தேன். கையில் நாலாயிரத்து எழுநூறு இருந்தது.

கடைக்கார அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். "செய்கூலி கிராமுக்குப் பத்து, எண்ணூறு. மொத்தத்துக்கு மூணு பர்சென்ட் ஜிஎஸ்டி. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திநாலுங்க."

நான் சட்டைப்பையைத் துழாவினேன். கொலுசைப் போட்டு நடந்துகொண்டிருந்த மகள் நின்றாள். அந்த அம்மாவும் கவனித்திருக்க வேண்டும்.

"பாப்பா காலுக்கு இது நீளங்க, தடுக்கிவிடும்" என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் கண்ணியைக் கழற்றினார்.

"சத்தம் குறையாதுல்ல?" என்றாள் மகள்.

"குறையாது கண்ணு. வளந்தா கொண்டா, திரும்பக் கோத்துத் தரேன்."

எழுபத்தாறு கிராமுக்குக் கூலி, வரியோடு நாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றேழு வந்தது. கொலுசு நீளமாக இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று கூச்சத்தில் சொல்லாத நன்றியை இங்கே சொல்கிறேன்.

மறுநாள் திருச்சியில் விமானம் ஏறினேன்.