பதிமூன்றாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை

வேங்கிக்கால் தாண்டி ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். பில் போடுவது, சம்பளம் போடுவது, வேன் வராவிட்டால் டிரைவரைத் திட்டுவது எல்லாம் என் வேலைதான். போன வருஷம் பேக்கிங்குக்கு ஐந்து பேர் வேண்டியிருந்தது. துணிக் கம்பெனி வேன்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டதால், எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

முதலாளி பரம்பரையாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளை. நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரே முதலில் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார். கம்பெனி வாசல், மிளகாய் மூட்டை, பின்னால் ஒரு பாட்டு, கடைசியில் "நல்ல சம்பளம், உடனே அழைக்கவும்". நாள் முழுக்க போன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "எவ்ளோ குடுப்பீங்க?" சொன்னதும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"பாய், சம்பளத்தை வீடியோலயே சொல்லிடுங்க. இல்லன்னா என்னால போன் எடுக்க முடியாது" என்றேன், கொஞ்சம் கத்தியேதான்.

"சரி, நீயே எழுதும்மா. இன்னா குடுக்கணும்னு நான் சொல்றேன்" என்றார்.

எழுதினேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் வரியிலேயே என்ன வேலை, எந்த இடம் என்று வந்துவிட வேண்டும். பேருந்தில் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காக எல்லாம் எழுத்திலும் ஓட வேண்டும். பேக்கிங் வேலை, பெண்கள், முன் அனுபவம் தேவையில்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை. கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வேன் உண்டு. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் வேன் ஊருக்குள் வர முடியாது, அதனால் அன்றைக்கு விடுமுறை, பதிலுக்கு ஒரு ஞாயிறு வேலை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு சண்டை வரும். விண்ணப்பிக்க, பெயர், ஊர், முன்பு செய்த வேலை மூன்றையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் போதும். தேர்வானவர்கள் ஆதார் நகலோடு நேரில் வர வேண்டும். யாரிடமும் பணம் கட்ட வேண்டாம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்ட காலம் என்பதால் அந்தக் கடைசி வரியை நான் விடவில்லை.

சம்பளத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். பாய் வந்து சொன்னார்: "பதிமூணுல இருந்து பதினஞ்சு வரைக்கும். ஆரம்பத்துல பதிமூணு, மெஷின் கத்துக்கிட்டா பதினஞ்சு."

என் கை அப்படியே நின்றது. பேக்கிங்கில் இருக்கும் பழைய ஆட்களுக்கு பதினொன்றரைதான். மாதாமாதம் அதைப் போடுகிறவளே நான்.

"பழைய ஆளுங்களுக்கு, பாய்?"

"அவங்களுக்கு தீபாவளி கழிச்சு பாக்கலாம். இப்போ எல்லாருக்கும் ஏத்துனா நான் கடைய மூட வேண்டியதுதான். கம்மியா சொன்னா புது ஆளு வருமா, நீயே சொல்லு."

அவர் பொய் சொல்லவில்லை. கடைக்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தராமல் எத்தனை நாள் இழுத்தடிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமான ஆள் பேசினால்தான் நம்புவார்கள் என்று பாய்க்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பேக்கிங்கில் ஒரு அக்கா உண்டு. அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவர். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல், எதற்கும் ஒரு கிண்டல். ஏழு வருஷமாக இருக்கிறார். மகளை நர்ஸிங் சேர்த்ததிலிருந்து சம்பளம் கூட்டச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் பாயிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். பாய் அவரையே பேச வைக்கச் சொல்லிவிட்டார்.

வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அக்கா அன்றைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தார். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். நான் எழுதியதைப் பெரிய எழுத்தில் அட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை, நேரம், வேன் எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. சம்பள வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், இது சரியா எழுதியிருக்கீங்களா?"

"சரிதான்க்கா."

"யாருக்கு இது?"

"புதுசா வர்றவங்களுக்கு."

கேமராக்காரர், "அக்கா, சிரிச்சுக்கினே சொல்லுங்க" என்றார். பாய் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது எனக்கு. போகவில்லை. எனக்கும் சம்பளம் கொடுக்கிறவர் அவர்தானே.

அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு சிரித்தார். "சம்பளம் பதிமூன்றாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரை" என்று கணீரென்று சொன்னார். கேமராக்காரருக்குத் திருப்தி இல்லை, இன்னொரு முறை கேட்டார். அதையும் சொன்னார்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. குரல் பதிவுகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பதிவில் அக்காவின் குரல். பெயரைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் பேக்கிங் வேலைக்கு சொல்றேங்க. ஊரு அடி அண்ணாமலை. முன்ன செஞ்ச வேலை மசாலா பேக்கிங். ஏழு வருஷம் உங்க கம்பெனியிலயே செஞ்சேன். மெஷின் தெரியும். யார்கிட்டயும் பணம் கட்டல."

கிண்டல்தான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடி கேட்டேன். கிண்டல் எதுவும் இல்லை. வீடியோவில் சொன்ன முறைப்படி, சொன்ன விவரங்களோடு, விண்ணப்பித்திருந்தார்.

பாயிடம் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னா பண்றதும்மா. ஒருத்தருக்கு குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் ஒழுங்கா பதில் போட்டுடு. பதிலே வரலன்னு ஊர்ல பேசுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் வேனிலிருந்து இறங்கியதும் ஒரு பெண் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதாலதான் எங்க வூட்ல நம்பி அனுப்புனாங்க." கவர் ஒட்டும் மெஷினைக் கற்றுக்கொடுக்கும் வேலையும் அக்காவுக்கே வந்தது.

அன்றைக்கே மற்றவர்களுக்குப் பதில் அனுப்ப உட்கார்ந்தேன். நான் எழுதி வைத்த ஒரே வாசகம்தான் எல்லோருக்கும். "விண்ணப்பித்ததற்கு நன்றி. தற்போது இடமில்லை." கடைசியில் அக்காவின் பெயர் நின்றது. அனுப்பாமல் விட்டால் பதில்கூட இல்லை என்று நினைப்பார். வேறு ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். எழுத என் கையில் என்ன இருந்தது? அதையே அனுப்பினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் இடுப்பில் போன் சத்தம் கேட்டது. எடுத்துப் படித்தார். என் பக்கம் திரும்பவில்லை. போனை மறுபடி செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணின் விரல்களை மெஷினிலிருந்து மெல்லத் தள்ளி வைத்தார்.

"கவர் வாய நேரா புடிம்மா. இங்க கை வச்சா சுட்டுடும்."