கரையாத மீசை

மல்லசமுத்திரத்தில் தெய்வநாயகியின் ஸ்டுடியோவுக்கு இரண்டு பெயர். ஒன்று பலகையில் இருப்பது. மற்றது ஊர் வைத்தது: எழவு ஸ்டுடியோ. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் திருச்செங்கோட்டிலிருந்து ட்ரோனோடு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். செத்தவர்களுக்கு மட்டும் இன்னும் இவளிடம்தான் வருகிறார்கள்.

செத்தவர்களுக்கு நல்ல படம் இருப்பதில்லை. பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு இருக்கும் படத்தைக் கொண்டுவருவார்கள். அவள் சோற்றை எடுத்து வாயை மூடிவைப்பாள். கல்யாணக் கும்பலில் பாதி மறைந்த முகத்துக்கு மறுபாதியை வரைவாள். வாழ்நாளெல்லாம் கோவணத்தோடு ஏர் ஓட்டிய ஒரு பெரியவருக்குக் கோட்டும் டையும் கேட்டார்கள். மாட்டிக் கொடுத்தாள். “இந்த வெயில்ல அவரு எப்படிங்க தாங்குவாரு?” என்று அவள் கேட்டதற்குப் பேரன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே அழுதான்.

அவள் ஜலகண்டாபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண். சேலத்தில் இயற்பியல் படித்தாள். படிக்கும்போதே ஸ்டுடியோக்காரன் ஒருவனை விரும்பி, வீட்டாரை எதிர்த்துக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். பின்னால் அவன் திருப்பூருக்கு வேலை தேடிப் போனான். போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். கேமராவும் கணினியும் இவளிடம் மிஞ்சின. அம்மா செத்தபோது அண்ணன்மார் சொல்லி அனுப்பவில்லை. எரித்துக் காடாற்றிய பிறகு பேருந்தில் பார்த்த ஒருத்தி துக்கம் விசாரித்துத்தான் அவளுக்கே தெரிந்தது. அதன் பிறகு, தன் கல்லூரிக் காலத்துப் படமொன்றின் ஓரத்தில் நின்ற அம்மாவை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் கடைக்குள் மாட்டினாள். அந்தப் படம் இன்றும் வெளுக்கவில்லை. அதற்குக் காரணம் பாசம் அல்ல, மசி.

கடையில் இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. பெரியதில் பிக்மென்ட் மசி. சின்னதில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் டை மசி. கறுப்பு மட்டும் பிக்மென்ட். வித்தியாசம் அவளுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். பிறந்த வீட்டுக்குப் பின்னால் நூலுக்குச் சாயமேற்றும் தொட்டி இருந்தது. டை என்பது அந்தச் சாயம்தான். தண்ணீரில் சர்க்கரை மாதிரி முழுக்கக் கரைந்து கிடப்பது. காகிதத்தில் ஊறிக் காய்ந்தாலும் மறுபடி தண்ணீரைக் கண்டால் கிளம்பி அதோடு போய்விடும். பிக்மென்ட் கரையாத பொடி. செம்மண் தண்ணீரில் கலங்கியிருக்கிற மாதிரி மசியில் மிதக்கும். தண்ணீர் காய்ந்ததும் பிசினோடு காகித நாரைப் பற்றிக்கொண்டு நிற்கும். வெயிலிலும் அப்படித்தான். சாயத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிச்சத்தில் அடிபட்டு உடையும். பொடியில் மேலே இருப்பது உடைந்தாலும் உள்ளே இருப்பது நிறம் காட்டிக்கொண்டிருக்கும். இருந்தும் ஜனங்களுக்கு டை மசிதான் பிடிக்கும். அதில்தான் நிறம் பளிச்சென்று இருக்கும்.

கண்ணுசாமியும் அதைத்தான் கேட்டார். அவருடைய தம்பி மகன் அன்பரசு, போர்வெல் ரிக்கில் வேலை பார்த்தவன், மத்தியப் பிரதேசத்தில் குழாய் இறக்கும்போது மின்கம்பி உரசிச் செத்துப்போனான். உடலைக் கொண்டுவர முடியாத நிலை என்று அங்கேயே எரித்துவிட்டார்கள். சட்டிச் சாம்பல் மட்டும் வந்தது.

“என்ன மாதிரி வேணுங்க?” என்று கேட்டாள் தெய்வநாயகி.

“பளிச்சுன்னு இருக்கோணும் அம்மிணி. பையன் நல்ல செவப்பு. அவுங்கம்மா மாரியாயிக்குக் கண்ணு வேற சரியாத் தெரியாது.”

“வெயில் படற எடத்துல வெப்பீங்களா?”

“ஊட்டுக்குள்ளதான். கண்ணாடிச் சட்டம் நாமக்கல்லுல சொல்லியிருக்குது, வந்ததும் போட்டுக்குவோம். நீ அட்டையில அடிச்சுக் குடு போதும்.”

வெயிலைப் பற்றிக் கேட்டவள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குள், கண்ணாடிக்குள் இருக்கப்போகிற படத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? சின்ன பிரிண்டரில் தடித்த அட்டையில் அடித்தாள். கீழே பெயரும் தோற்றம் மறைவும் கறுப்பில். மீசையை ஒதுக்கிவிட்டு, நெற்றியில் லேசாக விபூதி வைத்தாள். முகம் அப்படியே ரத்த ஓட்டத்தோடு இருந்தது. கண்ணுசாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, “பேசிருவானாட்ட இருக்குதே” என்றார்.

அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. மறைத்ததல்ல, அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார். வெளியூரில் செத்து உடல் வராவிட்டால், அவர்கள் பங்காளிகளுக்குள் படத்தைப் பலகையில் கிடத்தி, உடலுக்கு ஊற்றுகிற மாதிரியே தண்ணீர் ஊற்றுவார்கள். பெற்றவள் முதல் சொம்பு. அன்பரசுவின் அப்பா பீகாரில் லாரியோடு செத்துப்போனபோதும் அப்படித்தான் ஊற்றினார்கள். அந்தப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்துச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். அது பழைய காலத்து லேப் படம். தண்ணீருக்குள்ளேயே கழுவிக் கழுவிப் பிறந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் கண்ணுசாமி வந்து, அட்டையைக் கடை மேசையில் வீசினார்.

“என்ன படம்மா குடுத்தே?”

தெய்வநாயகி பார்த்தாள். முகம் இல்லை. கன்னம் இருந்த இடத்தில் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு கறை கழுத்து வழியாக இறங்கி ஓரத்தில் காய்ந்திருந்தது. ஆனால் கறுப்பு நகரவில்லை. தலைமுடி, புருவம், இரண்டு கண்மணி, ஒதுக்கிய மீசை எல்லாம் வெறும் வெள்ளையில் அப்படியே நின்றன. கீழே பெயரும் மறைந்த தேதியும் அச்சுக் குலையாமல் இருந்தன.

“தண்ணி ஊத்துனீங்களா?” என்றாள்.

“பின்ன? பெத்தவ ஊத்தாம? ஒரு சொம்புதான் ஊத்துனா. ஊர்ப்பட்ட சனத்துக்கு முன்னால பையன் மூஞ்சி ஒழுகிப் போச்சு.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை. “என்ற ஊட்டுக்காரி வாயி சும்மா இருக்காது. ‘ஆத்தா மூஞ்சியில முழிக்கப் புடிக்காமக் கரையறான் பாரு’ன்னு சொல்லிப்போட்டா. தீவாளிக்கு ஓடியாந்த பையன், ரிக்குக்கு மறுக்காப் போவ மாட்டேன்னு காலப் புடிச்சு அழுதான். மாரியாயிதான் துணியத் தூக்கி வெளிய வீசித் தொரத்துனா. அது எல்லாருத்துக்கும் தெரியும். தண்ணி ஊத்துனதுலருந்து அவ ஒரு வாய் கஞ்சி குடிக்கல. அந்த அட்டைய வெச்சுக்கிட்டு ‘மூஞ்சியக் காட்டு சாமி, ஒருக்காக் காட்டு சாமி’ங்கறா. புடுங்கிட்டு வந்துட்டேன்.”

“அது மசிங்க. பையன் ஒண்ணும் பண்ணல.”

“அதை நாஞ்சொன்னா அவ கேக்கறாளா?”

“நான் வந்து சொல்றனுங்க.”

பெரிய பிரிண்டரில் அன்பரசுவை மறுபடி அடித்தாள். அதே முகம், நிறம் கொஞ்சம் அடங்கி. அது காயட்டும் என்று வைத்துவிட்டு யோசித்தாள். வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்ட வேண்டும். டை மசியில் இன்னொரு படம் வேண்டும். அதைக் கரைத்துக் காட்ட வேண்டும். அன்பரசுவையே இன்னொரு தடவை அந்தத் தாய் முன்னால் கரைக்க அவளால் ஆகாது. பூவையோ மலையையோ அடித்தால் பூ கரைந்தது, மலை கரைந்தது என்பார்கள். முகம்தான் வேண்டும். கணினி நிறைய முகங்கள் இருந்தன. எல்லாம் யாரோ அழுத முகங்கள். அவளுக்கு உரிமையான முகம் ஒன்றுதான் இருந்தது. தன் ஆதார் படத்தைப் பெரிதாக்கிச் சின்ன பிரிண்டரில் அதே அட்டையில் அடித்தாள்.

மாரியாயி வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்த, பல் நீண்ட, ஐம்பதைத் தொடாத பெண். கண்ணுசாமியின் மனைவி முத்தாயம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே ஏறிட்டாள்.

“எழவு ஸ்டுடியோ வந்திருக்குது. இன்னும் எவனக் கரைக்கறதுக்கு?”

“உங்க வாயக் கரைக்கத்தானுங்க மசி இல்ல” என்றாள் தெய்வநாயகி. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியமாக இருந்தது. அதுதான் அவள் செய்த பிழை. இது ஜெயிக்கிற விஷயம் என்று நினைத்துவிட்டாள்.

மாரியாயியின் அருகில் மண்டியிட்டு, இரண்டு படங்களையும் பலகையில் வைத்தாள். “அம்மா, இங்க பாருங்க. இது நானு. உங்க பையனுக்கு மொதல்ல அடிச்ச அதே சாயம். இது உங்க பையன், வேற மசி. இது கரையாது. தண்ணி ஊத்தறேன், பாத்துக்கங்க.”

“உசுரோட இருக்கறவ தன்ற படத்துக்கே எழவுத் தண்ணி ஊத்தறா!” என்று முத்தாயம்மாள் பின்வாங்கினாள்.

தெய்வநாயகி சொம்பைச் சாய்த்தாள். முதலில் மகன் மேல். தண்ணீர் முத்து முத்தாக நின்று வழிந்தது. முகம் அசையவில்லை. கூடியிருந்தவர்கள் “அட” என்றார்கள். பிறகு தன் மேல். நெற்றியிலிருந்து சிவப்பு முதலில் கிளம்பியது. பின்னால் மஞ்சள் கலங்கியது. கன்னம் வாயோடு சேர்ந்து இறங்கியது. முடியும் புருவமும் கண்மணியும் பாக்கி நின்றன.

“பாத்தீங்களா? மசிதானுங்க. அவன் மூஞ்சியத் திருப்பிக்கல.”

“நெசந்தான் மாரியாயி, சாயம்தான் போலருக்குது” என்றார் கண்ணுசாமி. பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். முத்தாயம்மாள்கூட அருகே வந்து குனிந்து பார்த்தாள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மாரியாயி மகன் படத்தைத் தொடவில்லை. அது அவன் போட்டுவந்த வேஷம் என்பது போல ஒரு தரம் பார்த்துத் தள்ளிவைத்தாள். மற்ற அட்டையைத்தான் எடுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணுக்கு அருகே பிடித்து, முகம் இருந்த வெள்ளையை விரலால் தடவினாள். விரலில் சிவப்பு ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாகத் தெய்வநாயகியின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தன் கூட்டத்தில் ஒருத்தியைக் கண்டுகொண்ட பார்வை.

“உங்கம்மாளுக்கும் நீ மூஞ்சி காட்டலியா கண்ணு?”

தெய்வநாயகி வாயைத் திறந்தாள். சாயம் எப்படிக் கரைகிறது, பொடி எப்படி நிற்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“எங்கிருந்தாலும் ஒருக்காப் போயிக் காட்டிரு சாமி” என்றாள் மாரியாயி. “அவ கெடந்து தவிப்பா.”

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அட்டையைத் திருப்பித் தரவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். சேலையில் நீலம் பரவியது.

திரும்பி வந்து கடையைத் திறந்தபோது அம்மா எதிர்ச் சுவரில் இருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நிறம்கூட இறங்காமல், மகளைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டு.