எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்ன எண்ணெய்

மார்க்கெட்டிங் அசைன்மெண்ட் திருத்தப்பட்டுத் திரும்பி வந்த அன்று நான் அடுப்படியில் நின்றுகொண்டு போனில்தான் அதைத் திறந்தேன். தேர்ச்சி இல்லை. ஒரே ஒரு முறை திருத்தி மறுபடி அனுப்பலாம், அப்படியும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. பக்க ஓரம் முழுக்க டியூட்டரின் குறிப்புகள். படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது.

நான் எழுதியது எங்கள் வீட்டு எண்ணெயைப் பற்றி. காங்கேயத்தில் மாமனாருக்குத் தேங்காய் எண்ணெய் மில். அதுவரை டின்டின்னாக வியாபாரிகளுக்கும், சும்மா ஒரு டின் சொந்தக்காரர் வீடுகளுக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. இனி பாட்டிலில் அடைத்து, சொந்தப் பெயரில் வீடுகளுக்கு விற்கலாம் என்பது அவருடைய ஆசை. ஆன்லைனில் நான் படிக்கும் டிப்ளமோவுக்கும் ஒரு விற்பனைத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் கணவர் மட்டும், "இதுல பெயிலானா படிப்பு போதும், மில்லுக் கணக்கப் பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நடந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

"எங்கள் எண்ணெய் தூய்மையானது, அதனால் வாங்குவார்கள்" என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் டியூட்டர் கேட்டிருந்தார்: தூய்மை இல்லை என்று எந்த எண்ணெய்க்காரர் சொல்கிறார்? "எல்லாக் குடும்பங்களும் எங்கள் வாடிக்கையாளர்கள்" என்று எழுதிய இடத்தில்: எல்லாரும் என்றால் யாருமில்லை என்றுதான் அர்த்தம், யாருக்கு விற்கிறீர்கள், ஏன் அவர்களுக்கு? இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் பெருமையாகப் போட்டிருந்த கருத்துக்கணிப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்ததுதான் என்னைக் கொன்றது. நாற்பது பேரிடம் கேட்டதில் நாற்பது பேரும் 'மிக நன்று' என்று சொல்லியிருந்தார்கள். அவர் எழுதியிருந்தார்: இவர்களை எங்கே பார்த்தீர்கள்? கேட்டது யார்? உங்களிடம் வேறு பதில் சொல்ல இவர்களால் முடியுமா?

அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்தவர்களிடம்தான் கேட்டிருந்தேன். இலையில் கை வைத்துக்கொண்டு, மில்லுக்கார வீட்டு மருமகளைப் பார்த்து, உங்கள் எண்ணெய் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடியவர் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. "நல்லாருக்குங்க, ரொம்ப நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் குழித்தார்கள். அதை நான் ஆதாரம் என்று எண்ணிப் போட்டிருக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த டியூட்டரம்மா எங்கிருந்தோ ஒரே வரியில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம் வந்தது. ரெண்டு நாள் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை.

அப்புறம் அவரிடம் எழுதிக் கேட்டேன், எப்படித் திருத்துவது என்று. உங்களுக்காக நான் எழுதித் தர முடியாது என்று பதில் வந்தது. ஆனால் ஒன்று சொன்னார்: பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள், கடைசியாக என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள்.

பார்க்க முதலில் போனது தொண்டாமுத்தூரில் என் அம்மா வீட்டுக்குத்தான். நாற்பது பேரில் அம்மாவும் ஒருத்தி. அடுப்புக்குப் பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட். நாங்கள் அனுப்பிய டின் பூஜை அலமாரிக்குக் கீழே இருந்தது.

"இதுல சமைக்கறதில்லயாம்மா?"

"வெளக்குக்கும் தலைக்கும் வெச்சுக்கறேன் கண்ணு. வாசம் தூக்கலா இருக்குது, உங்கண்ணன் கொழந்தைங்க தட்டத் தள்ளிப்போடுதுங்க."

"அப்பறம் ஏன் நல்லாருக்குன்னு சொன்னே?"

"சம்பந்தி ஊட்டு எண்ணெய வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

மற்ற வீடுகளுக்கும் போனேன். யாரையும் கேள்வி கேட்கவில்லை. என்ன எழுதப் போகிறேன் என்று சொல்லி, பெயர் போடமாட்டேன் என்று உறுதி சொல்லி, அடுப்படியை மட்டும் பார்த்தேன். முக்கால்வாசி வீட்டில் எங்கள் எண்ணெய் தலைக்குத்தான். பிறகு பாலக்காடு ரோட்டில், மலையாளிகள் அதிகம் வரும், என்னை யாரென்றே தெரியாத ஒரு மளிகைக் கடையில் அனுமதி வாங்கி ஒரு ஓரமாக நின்றேன். அங்கே தேங்காய் எண்ணெயில் சமைக்கிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, வாசம் தூக்கலாக இருப்பதைத் தேடி எடுத்தார்கள். அம்மா வீட்டுக் குழந்தைகள் தள்ளிய அதே வாசம்.

திட்டத்தின் வாதம் தானாகவே மாறிவிட்டது. தூய்மையை எடுத்துவிட்டு வாசத்தை வைத்தேன். எல்லாக் குடும்பங்களையும் எடுத்துவிட்டு, ஏற்கெனவே தேங்காய் எண்ணெயில் சமைக்கிறவர்களை வைத்தேன். முதலில் அந்தப் பக்கம் சில கடைகளில் மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு லேபிள் அச்சடிக்கலாம் என்று முடித்தேன். எந்தக் குறிப்புக்கு என்ன மாற்றினேன் என்று தனியாக ஒரு தாளும் எழுதி இணைத்தேன். பழைய கருத்துக்கணிப்பை அழிக்கவில்லை. அது ஏன் செல்லாது என்று அதன் கீழேயே எழுதினேன்.

 ஆனால் இதில் ஒரு பிரதி மாமனாரும் கேட்டிருந்தார். தன் அண்ணனை இந்தத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்க்க அவருக்கு என் அசைன்மெண்ட்தான் துருப்புச்சீட்டு. உண்மையை எழுதினால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. எழுதாவிட்டால் என் படிப்பு போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

தேர்ச்சி பெற்றேன். அந்தப் பிரதியை மாமாவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் அந்தக் காலத்து பி.காம். வரிக்கு வரி விரல் வைத்து நிதானமாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. உறவினர், சொன்னது 'மிக நன்று', அடுப்படியில் இருந்தது சூரியகாந்தி.

"இது ஆருங்க அம்மணி?"

"பேரு சொல்லக் கூடாதுங்க மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன மாசம் உங்கம்மா ஊட்டுல சாப்பிட்டனே. தாளிச்சது நம்ம எண்ணெ இல்லீனு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. நானும் சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்."

 தெரிந்தே இருந்திருக்கிறார். "அப்பறம் எதுக்குங்க மாமா இதெல்லாம்?"

"லேபிளு அடிக்கக் குடுத்தாச்சு கண்ணு. அண்ணங்கிட்டயும் வாய்வார்த்தை சொல்லிப்போட்டேன். இனி எப்படிப் பின்வாங்கறது?" பிரதியை மடித்து என்னிடமே நீட்டினார். "மொதல்ல எழுதுனியே, எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னது, அதுல ஒண்ணு எடுத்துக் குடு. அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"சரிங்க மாமா" என்றேன். பந்தியில் நாற்பது பேரும் எந்தக் குரலில் சொன்னார்களோ, அதே குரலில்.

பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தேன். பழைய ஃபைலில் டியூட்டரின் குறிப்புகள் இன்னும் இருந்தன. பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் குறிப்புகள் இல்லாமல் வந்துவிடும். நான் எடுக்கவில்லை.

மாமா வாங்கிப் புரட்டினார். அட்டவணை இருந்த பக்கத்தில் விரலை வைத்தார். "இதென்னுங்க ஓரத்துல எழுதீருக்குது?"

"நானில்லீங்க மாமா, டீச்சர் எழுதுனது."

வேறு எடுத்துத் தரச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளோடு அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு, தன் அண்ணன் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.