நல்ல வார்த்தை கேட்டு எழுதிய மெயில்

எங்கள் தொழில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது. புதுச்சேரியில் வீடு, பிரான்சில் குடும்பம் என்று இருப்பவர்கள் நிறைய. ஆண்டுக்கு ஒருமுறை வந்து தங்கிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் நாங்கள் வீட்டைத் திறந்து காற்றாட விடுவோம், பெருக்குவோம், மோட்டார் ஓடுகிறதா, சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று பார்ப்போம். பார்த்ததைப் படம் எடுத்து அனுப்புவோம். நான், என் தங்கை, பெருக்கித் துடைக்க இரண்டு பெண்கள். சாரம் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. இவ்வளவுதான் எங்கள் ஏஜென்சி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சாவி, குழாய், சுவர் என் பக்கம். கம்ப்யூட்டரும் பிரெஞ்சும் தங்கை பக்கம். அந்த ஆண்டு வீடுகள் குறைந்துபோயின. சிலர் விற்றுவிட்டார்கள், சிலர் திரும்பி வந்து குடியேறிவிட்டார்கள். பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று சென்னைக் கம்பெனி ஒன்று தங்கையைக் கூப்பிட்டிருந்தது. போனால் அவள் ஹாஸ்டலில் தங்கவேண்டும்.

"தீபாவளிக்குள்ள புதுசா நாலு வீடாவது வரலன்னா நான் போய்டுறேண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவள் இல்லாமல் ஏஜென்சி இல்லை. அதைவிட, காலையில் அவள் படியேறி வரும் சத்தம் இல்லாத அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்து விசாரிப்பார்கள், பிறகு பதில் இருக்காது. ஒரு அம்மாள் மட்டும் மறைக்காமல் எழுதினார்: "முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சாவியைக் கொடுப்பது? உங்களிடம் வீட்டை விட்டிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?"

"கேட்டு வாங்கிப் போடணும்ணே. மெயில் அனுப்பலாம். நீயே சொல்லு, அவங்க பழகினது உன்கிட்டதான்" என்றாள் தங்கை.

என்னைப் பாராட்டி எழுதுங்கள் என்று ஒருவரிடம் கேட்பதா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எல்லோருடைய நலத்தையும் விசாரித்தேன். எங்கள் சேவையைப் பற்றி உங்கள் மேலான கருத்தை எழுதுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெட்கத்தைச் சமாளிக்க, சாப்பாட்டுக் கடைகளில் எழுதிப் போட்டிருக்குமே, அதையும் சேர்க்கச் சொன்னேன்: நிறைகளை நண்பர்களிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்.

அவள் அதைப் பிரெஞ்சில் அழகாக மாற்றி, எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிட்டாள்.

சொன்னபடியே செய்தார்கள். நிறைகளை நண்பர்களிடம் சொன்னார்களோ என்னவோ, குறைகள் எங்களுக்கு வந்து சேர்ந்தன. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது. முருங்கை மரத்தை மொட்டையாக வெட்டிவிட்டீர்கள். பிரான்சில் துலோன் நகரத்தில் இருக்கும் ஒரு பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குபவர், வரிசை எண் போட்டே எழுதியிருந்தார். கடைசி வரி என்னைப் பற்றி: 'தம்பி போனில் பேசினால் குரலே கேட்கவில்லை. சோறு போடுகிறார்களா?'

பாராட்டியவர்களும் உண்டு. 'ரொம்ப நல்ல சேவை.' 'கடவுள் ஆசீர்வதிப்பார்.' அவ்வளவுதான்.

தங்கை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அவள் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னா மச்சான், கல்லடி வாங்கறதுக்கு வெத்தல பாக்கு வச்சிக் கூப்டுக்கிறியே? பேசாம நீங்களே நாலு எழுதிப் போடுங்க. யாரு வந்து பாக்கப் போறான்?" என்றார்.

"சாவிய நம்பிக் குடுக்கச் சொல்ற தொழிலு. மொத வரியே பொய்யா எழுதச் சொல்றியா?" என்றாள் தங்கை.

"செரி, நான் ஆட்டோ ஓட்டறவன். எனக்கு இன்னா தெரியும்" என்று அவர் அப்பளத்தை நொறுக்கினார்.

அந்த மெயில்களைத் திரும்பத் திரும்பப் படித்த தங்கைதான் ஒன்றைக் கவனித்தாள். "பாருண்ணே, கொறை சொல்றப்ப மட்டும் எந்தக் கதவு, எந்த மரம்னு எழுதறாங்க. பாராட்டறப்ப ஒண்ணுமே இல்ல. நாம கேட்டது அப்படி. என்னா எழுதறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

முதலில் குறைகளைச் சரிசெய்தோம். தாழ்ப்பாளை மாற்றிப் படம் அனுப்பினேன். பெரியவருக்குப் போன் போட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திப் பேசினேன்.

பிறகு இரண்டாவது மெயில். இம்முறை எல்லோருக்கும் இல்லை. ஏதாவது ஒரு வேலைக்காக எங்களுக்கு முன்பே நன்றி சொன்னவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அந்த வேலையையே முதல் வரியில் தங்கை நினைவூட்டினாள். பிறகு மூன்று கேள்விகள். எங்களிடம் விடுவதற்கு முன் வீட்டைப் பற்றி என்ன கவலை இருந்தது? நாங்கள் செய்ததில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்று எது? இப்போது என்ன மாறியிருக்கிறது? நாலைந்து வரி போதும். எங்கள் பக்கத்தில் போடச் சம்மதமா, பெயரைப் போடலாமா என்றும் கேட்டாள். சுருக்கினால் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவோம், முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று முடித்தாள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று: "முழுப் பேரும் தெருவும் வேணாம்மா. வூடு பூட்டிக் கெடக்குன்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும்."

"அட, ஆமாண்ணே!" என்று அவள் அந்த இடத்தை மாற்றினாள். பெயரின் முதல் எழுத்தும் பிரான்சில் இருக்கும் ஊரும் மட்டும் போதும் என்று எழுதினாள். வீட்டின் வாசல் தெரியும் படம் எதுவும் வேண்டாம் என்றும் முடிவு செய்தோம்.

பாரிசுக்குப் பக்கத்திலிருந்து, நாங்கள் மதாம் என்று கூப்பிடும் ஒருவர் முதலில் எழுதினார். 'முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் முதல் வாரம் முழுக்கப் பூஞ்சை வாடையோடு சண்டை. பிள்ளைகளை ஓட்டலில் தங்கவைப்பேன். போன மழைக்குக் குளியலறைக் குழாய் ஒழுகியபோது, டைல்ஸை உடைப்பதற்கு முன் வீடியோவில் காட்டி என்னைக் கேட்டார்கள். இந்த முறை வந்த அன்றே பிள்ளைகள் தங்கள் அறையில் தூங்கினார்கள்.'

முன்பு ஒருமுறை நன்றியும் சொல்லியிருந்த துலோன் பெரியவரின் பதில் வர நாளானது. வந்ததைத் தங்கை சத்தமாகப் படித்தாள். 'இந்த ஆள் பேசமாட்டார். பின்சுவரில் விரிசல் விட்டதை நான் கேட்கும் முன்பே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே நாணயம். விரிசல் வளரவில்லை என்று துலோனில் உட்கார்ந்தபடி என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பேச்சு வேண்டாம், இது போதும்.'

"பேசமாட்டார்ங்கறத எடுத்துடும்மா" என்றேன்.

"மாட்டேன். அதப் படிச்சாதான் மீதிய நம்புவாங்க."

வேறு சிலதைச் சுருக்கி, அவரவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, எங்கள் இன்டர்நெட் பக்கத்தில் போட்டாள். மறைக்காமல் கேள்வி கேட்ட அந்த அம்மாளுக்கும் எழுதித் தெரிவித்தாள்.

முதல் வீடு அந்த அம்மாளுடையதுதான், முதலியார்பேட்டையில். 'நாணயம் வைத்துப் படம் எடுப்பவரே வரவேண்டும்' என்று எழுதியிருந்தார். அவருடைய அக்கா வீடும் கூடவே வந்தது. மதாம் தன் தோழி ஒருத்தியை அனுப்பினார். தீபாவளிக்கு முந்தின வாரம், கோரிமேட்டில் ஒரு மாடி வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு படியேறினேன். கையை விரித்துக் காட்டினேன், அவ்வளவுதான். தங்கை சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிச் சென்னைக் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்தாள்.

கீழே ஆட்டோவில் காத்திருந்த மச்சான் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, ஹாஸ்டலுக்கு வாங்கி வச்ச பக்கெட்ட இன்னா பண்றது?"

"மாடி வூடு தொடைக்க வேணும், மேல எடுத்தா!" என்று ஜன்னலில் எட்டிக் கத்தினாள்.

அவர் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்தார்.